உங்களுக்குத் தெரியுமா? பிறந்த குழந்தையின் மஞ்சளை ஜன்னலோரம்தான் பார்க்க வேண்டும்

ஈக்காட்டுத்தாங்கலில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பட்டப்பகலிலும் விளக்கு எரியும். மஞ்சள் ஒளி தரும் பல்பின் கீழ் எந்தக் குழந்தையும் மஞ்சளாகத்தான் தெரியும்; உண்மையான மஞ்சளும் அதில் கலந்து மறைந்துபோகும். பகல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருப்பதால் தோலின் நிறம் உள்ளபடி தெரிகிறது.

காலையில் விளக்கை அணைத்துவிட்டு, குழந்தையை ஜன்னலோரம் கொண்டுவந்து சட்டையைக் கழற்றுங்கள். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிய உடனே பார்த்தால் ஏமாந்துவிடுவோம். நெற்றியில் விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். ரத்தம் விலகிய அந்த நொடியில் தோல் வெளிறாமல் மஞ்சளாகத் தெரிந்தால் அது காமாலை. பிறகு நெஞ்சு, வயிறு, கால் என்று இறங்கிப் பாருங்கள். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏற ஏற மஞ்சள் முகத்திலிருந்து கீழே பரவும். மாநிறக் குழந்தைகளுக்குத் தோலைவிடக் கண்ணின் வெள்ளையும் ஈறும் தெளிவாகக் காட்டும்.

மூன்று முதல் ஐந்தாம் நாள் வரை தினமும் பாருங்கள். அப்போதுதான் காமாலை உச்சத்துக்குப் போகும், பலர் அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருப்பார்கள். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கால்வரை இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் அன்றே, இரவானாலும், டாக்டரிடம் போக வேண்டும். அளவைச் சொல்வது ரத்தப் பரிசோதனைதான், கண் அல்ல. இளவெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் நீல ஒளியின் கீழ் வைப்பார்கள்.