மேலே எழுதியது அவருக்குத் தெரிகிறதா?

செப்டம்பர் 3, நள்ளிரவு தாண்டி 12.40 மணி. இணையக் கடையில் குக்கர் வாங்க முயன்ற ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியாக 2,350 ரூபாய் கழிந்துவிட்டது. ஆர்டர் பதிவாகவில்லை. கடையின் செயலியில் இருக்கும் சாட்பாட்டிடம் முறையிடுகிறார். அது காட்டிய பொத்தான்களில் ஒன்றைத் தட்டுகிறார், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைத் தருகிறார், வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார். பாட் ஒரே பதிலைத் திரும்பச் சொன்னதும், "ஆளிடம் பேச வேண்டும்" என்று எழுதுகிறார். மறுநாள் காலை ஓர் ஊழியர் இணைந்து முதலில் கேட்பது: "வணக்கம், உங்கள் பிரச்சினை என்ன?"

கோபம் அந்த ஊழியர் மீதுதான் திரும்பும். ஆனால் பல நேரங்களில் அவருடைய திரையில் முந்தைய உரையாடல் இருப்பதே இல்லை. சாட்பாட் ஒரு மென்பொருள். ஊழியர்கள் உட்கார்ந்து பதில் எழுதும் ஹெல்ப்டெஸ்க் இன்னொன்று. இரண்டையும் எப்படி இணைத்திருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உரையாடலை இடம் மாற்றாமல், பொறுப்பை மட்டும் மாற்றுவது நல்ல வழி. திறந்த மூல மென்பொருளான சாட்வூட் இப்படித்தான் செய்கிறது. பாட் பேசிக்கொண்டிருக்கும் வரை அந்த உரையாடலின் நிலை `pending`. ஆள் தேவைப்பட்டதும் பாட் அதை `open` என்று மாற்றுகிறது. உடனே அது ஊழியர்களின் வரிசையில் வந்து நிற்கிறது. உரையாடல் எண் மாறுவதில்லை, எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. ஊழியர் திறந்து பார்த்தால் முதல் வரியிலிருந்து எல்லாம் இருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நிலை மாறிய பிறகும் வாடிக்கையாளரின் புதிய செய்திகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நிலையைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும்படி அதை எழுதியிருக்காவிட்டால், ஊழியரும் பாட்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

பாட் ஒரு நிறுவனத்துடையது, ஹெல்ப்டெஸ்க் வேறொன்றுடையது என்றால் நகலெடுத்து அனுப்புவதைத் தவிர வழியில்லாமல் போகலாம். சேதாரம் நடப்பது இங்கேதான். வாடிக்கையாளர் தட்டிய "பணம் போய்விட்டது" என்ற பொத்தான், நகலில் `PAY_03` என்ற உள்குறியாக மட்டும் வந்து நிற்கும். ஸ்கிரீன்ஷாட் படமாக வராமல் இணைப்பாக வரும். அந்த இணைப்புக்குக் குறுகிய ஆயுள் வைத்திருந்தால், காலையில் சொடுக்கும்போது படம் திறக்காது. நகலெடுத்த பிறகு, வரிசையில் காத்திருக்கும்போது அவர் எழுதியவை இரண்டு பக்கத்திலும் சேராமல் விடுபட்டும் போகலாம்.

இவற்றைவிட மோசமான பிழை, பார்த்தால் பிழை என்றே தெரியாத ஒன்று. சர்வர்கள் பொதுவாக நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதை மாற்றாமல் நகலெடுத்தால், 3-ஆம் தேதி 12.40-க்கு எழுதியது 2-ஆம் தேதி மாலை 7.10 என்று தெரியும். ஊழியர் 2-ஆம் தேதிக் கணக்கில் தேடுவார். "அப்படி ஒரு தொகை வரவே இல்லை" என்று நேர்மையாகவே சொல்வார். 2019-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிக் கடைக்கு உறுதியாகாத யூபிஐ பணம் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஒரு தேதி மாறினால் அந்தக் கணக்கும் மாறிப்போகும்.

உரையாடல் முழுதாக வந்தாலும் போதாது. ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேருக்குப் பதில் எழுதும் ஊழியரால் நாற்பது வரிகளைப் படிக்க முடியாது. அதனால் மேலே சில வரிகள் தனியாக நிற்க வேண்டும்: என்ன வேண்டும், எந்தப் பரிவர்த்தனை எண், பாட் எதைச் சொல்லிப் பார்த்தது, ஏன் கைமாற்றியது. இப்போது இந்தச் சுருக்கத்தையும் ஏஐ எழுதுகிறது. "ஆர்டர் பதிவாகவில்லை" என்பது அதில் "ஆர்டரை ரத்து செய்யக் கேட்கிறார்" என்று திரிந்துவிட்டால், ஊழியர் முதல் பதிலிலேயே தவறான திசையில் போய்விடுவார். சுருக்கத்தின் கீழேயே மூல உரையாடல் இருந்தாக வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். அட்டை எண்ணும் ஓடிபியும் மட்டும் இதற்கு விலக்கு. யாராவது அவசரத்தில் எழுதியிருந்தால், ஊழியரின் கண்ணுக்குப் போகும் முன்பே அவை மறைக்கப்பட வேண்டும்.

ஊழியர் வந்ததும், "மேலே நான் எழுதியதும் படமும் உங்களுக்குத் தெரிகிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பரிவர்த்தனை எண்ணையும் தொகையையும், நம் நேரப்படி தேதியையும் ஒரே செய்தியில் எழுதிவிட்டு, படத்தை மீண்டும் அனுப்புங்கள். சாளரத்தை மூடும் முன் உரையாடலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.