பூட்டு ஊசலும் பொய்க் கணக்கும்

நம் சங்கத்து நண்பர்களுள் ஆய்வு மாணவராயிருப்போர்க்கு ஒரு பொறுப்பு உண்டு: இளைய வகுப்புகளுக்கு வீட்டுப் பயிற்சி கொடுத்துத் திருத்துவது. முன்பெல்லாம் ஒருவர் எழுதியதை நால்வர் பார்த்தெழுதுவர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகோ, பார்த்தெழுத நண்பனும் தேவையில்லை. வினாவைக் கொடுத்தால் விடை வந்துவிடுகிறது.

எழுத்தைப் பார்த்தே இயந்திரத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றனவே என்பீர்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை அத்தகைய ஏழு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகத் தீர்ப்பாயின. அந்தக் கூண்டில் நாளை நிற்கக்கூடியவர் நாமே அல்லவா? ஆகவே விடையை வேவு பார்ப்பதைவிட வினாவைச் செம்மையாக அமைப்பதே அறிவுடைமை. ஊசல் கணக்கு ஒன்றைக் கொண்டு அதனை விளக்குகிறேன்.

"ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்க" என்பது பழைய வினா. T = 2π√(L/g) என்ற சூத்திரம் அறிந்தவர் ஊசலைத் தொடாமலே எழுதிவிடலாம். எனவே ஒவ்வொருவர்க்கும் வேறு நீளம் கொடுக்க எண்ணினேன். வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தோடு 40-ஐக் கூட்டினால் அத்தனை செ.மீ. நூல். அழகாகத் தோன்றிய இந்த ஏற்பாடு பயன்படவில்லை. அடுத்தடுத்த எண்காரர்க்கு நூல் 77, 78 செ.மீ. என்று வந்தது. 20 அலைவுக்கு ஆகும் நேரம் ஒருவருக்கு 35.2 விநாடி, மற்றவருக்கு 35.4 விநாடி. கையால் கடிகாரத்தை அழுத்துவதிலேயே அவ்வளவு பிழை வருமே! பக்கத்து எண்காரரைப் பார்த்து எழுதியிருந்தால் எப்படித் தெரியும்?

ஆகையால் விதியை மாற்றினேன். கடைசி இலக்கத்தை ஆறால் பெருக்கி 40-ஐக் கூட்டுக. இப்போது 7-இல் முடியும் எண்ணுக்கு 82 செ.மீ.; 8-க்கு 88 செ.மீ. இருவரின் நேரமும் 1.3 விநாடி வேறுபடும். 82 செ.மீ. நூல்காரர் 28.9 விநாடி என்று எழுதினால், முடுக்கம் 15.5 என்று பொருந்தாமல் நிற்கும். அந்த நேரத்திலிருந்து நீளத்தைத் திரும்பக் கணக்கிட்டால் 52 செ.மீ. வருகிறது. 52 என்பது 2-இல் முடியும் எண்ணின் நூல். எவ்வகுப்பாரிடமிருந்து வந்தது என்பதை விடையே காட்டிக்கொடுக்கிறது.

பார்த்தெழுதுவதற்கு இது போதும். இயந்திரத்திற்குப் போதாது, 82 என்று சொன்னால் அது 82-க்கு ஏற்பவே எழுதித் தரும். அதற்குத் தெரியாத ஒன்றை வினாவில் வைக்க வேண்டும். நான் வைத்தது பூட்டு. விடுதி அறைப் பூட்டையே குண்டாகக் கட்டுக. நூலை முடிச்சு வரையில் மட்டும் அளந்திடுக. பிறகு நூலை 20 செ.மீ. குறைத்து மீண்டும் பார்த்திடுக.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஊசலின் உண்மை நீளம் முடிச்சு வரையிலன்று, பூட்டின் ஈர்ப்பு மையம் வரையில். அது முடிச்சுக்கு 3 செ.மீ. கீழே என்று கொள்வோம். 82 செ.மீ. நூல் 85 செ.மீ. ஊசலாக ஆடி 37.0 விநாடி காட்டும், முடுக்கம் 9.46 என்று குறைவாக வரும். நூல் 62 செ.மீ. ஆனால் 32.4 விநாடி. இரண்டு அலைவு நேரங்களின் வர்க்கங்களைக் கழித்தால் அந்த 3 செ.மீ. தானே அடிபட்டுப்போகும், முடுக்கம் 9.8-க்கு அருகில் வரும். அதிலிருந்து திரும்பிப் பார்த்தால், பூட்டின் மையம் எவ்வளவு கீழே என்பதும் கிடைக்கும்.

உழைத்தவன் தாளில் முதற் கணக்கு தவறும்; தவற்றுக்குக் காரணம் இருக்கும்; காரணம் அவன் பூட்டில் இருக்கும். ஊசலாடாமல் வாங்கிய விடையிலோ முதற் கணக்கே 9.8 என்று பிசகின்றி வந்துவிடுகிறது. அப்படியானால் முடிச்சுக்குக் கீழே பூட்டே இல்லை என்றாகிறது!

ஆயினும் இது குற்றத்தீர்ப்பன்று. நல்ல மாணவன் ஒருவன் பழக்கத்தால் மையம் வரையிலேயே அளந்திருக்கலாம். பூட்டின் அளவையும் இயந்திரத்திடம் சொல்லிப் பொய் எண்களைப் பொருத்தமாக வாங்குவோரும் உண்டு. ஆகவே ஐயம் எழுந்த தாளுக்கு மதிப்பெண்ணை வெட்டாதீர்கள். பூட்டையும் நூலையும் கொண்டுவரச் சொல்லி, வேறொரு நீளத்தில் 20 அலைவு எண்ணச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். செய்தவன் கை தானே முடிச்சுப் போடும். செய்யாதவன் அன்றாவது ஊசலை ஆட்டிப் பார்த்துவிடுவான்.