கள்ளியின் ஒரு இரவு

அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயோட்டி வழிபாடு பெரும்பாலும் சனிக்கிழமை இருட்டியதும் தொடங்கும். கூம்புக் கூடாரத்தின் நடுவில் நெருப்பு. அதையொட்டிப் பிறைநிலா வடிவில் மண் மேடை. மேடைமீது ஒரு பெயோட்டி. வழிநடத்துபவரை ‘ரோட்மேன்’ என்பார்கள். உலர்ந்த கள்ளித் துண்டுகள் கைமாறிச் சுற்றிவரும். கோலும் கிலுகிலுப்பையும் யார் கைக்கு வருகின்றனவோ அவர் நான்கு பாடல்கள் பாட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் உள்ளே நீர் ஊற்றித் தோல் கட்டிய இரும்புப் பானை முரசைத் தட்டுவார். நள்ளிரவில் தண்ணீர் வரும். விடியலில் ஒரு பெண் மீண்டும் தண்ணீர் கொண்டுவருவார். பிறகு சோளம், இறைச்சி, பழம் என்று காலை உணவு.

இருட்டில் தொடங்கி விடிந்தபின் முடியும் இந்த நேரக்கணக்கு தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பெயோட்டியில் இருக்கும் மெஸ்கலின் என்ற பொருள் மூளையை விட்டு இறங்க ஏறக்குறைய அத்தனை நேரம் பிடிக்கிறது.

எவ்வளவு நேரம் என்று ஸ்விட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். 2023-இல் வெளியான அந்த ஆய்வில் ஆரோக்கியமான 32 பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் மெஸ்கலின், எல்.எஸ்.டி., காளானிலிருந்து வரும் சைலோசைபின், வெறும் மாத்திரை என்று எல்லாமே கொடுக்கப்பட்டன. எந்த நாளில் எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மெஸ்கலினின் தாக்கம் சராசரியாக 11 மணி நேரம் நின்றது. எல்.எஸ்.டி. சுமார் 8 மணி நேரம், சைலோசைபின் சுமார் 5 மணி நேரம்.

அளவில்தான் பெரிய வித்தியாசம். அந்த ஆய்வில் எல்.எஸ்.டி. 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மெஸ்கலினோ பாதிப்பேருக்கு 300 மில்லிகிராம், மீதிப்பேருக்கு 500. மூவாயிரம் மடங்குக்குக் குறையாது! மெஸ்கலின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை, மெதுவாகத்தான் ஏறும். இரண்டும் வேதியியலில் வெவ்வேறு குடும்பங்கள். ஆனால் கதவு ஒன்றுதான்: செரட்டோனின் 2ஏ என்ற ஏற்பி.

அப்படியானால் அனுபவம் வேறுபடுமா? கள்ளி மென்மையானது, மண்ணோடு ஒட்டியது, எல்.எஸ்.டி. கூர்மையானது, ஆய்வுக்கூடத்துச் சரக்கு என்று பயன்படுத்தியவர்கள் பல காலமாகச் சொல்லி வந்தார்கள். பாசல் ஆய்வு இதை ஆதரிக்கவில்லை. ஒப்பிடத்தக்க அளவில் கொடுத்தபோது நிறங்கள் பெருகுவதும், காலம் குழம்புவதும், ‘நான்’ என்ற எல்லை கரைவதும் ஒரேமாதிரியாகவே இருந்தன. மெஸ்கலினில் குமட்டல் கொஞ்சம் அதிகம். கூடாரத்துக்குள் வாந்தி வந்தால் யாரும் பதறுவதில்லை, உள்ளே இருந்த கெட்டது வெளியே போகிறது என்பார்கள்.

பொருள் ஒன்றுபோல் வேலை செய்தும் ஆட்கள் சொல்வது ஏன் மாறுகிறது? மானிடவியலாளர் ஆன்டனி வாலஸ் 1959-இல் இதற்கு ஒரு விடை சொன்னார். பரிசோதனைக்காக மெஸ்கலின் எடுத்த வெள்ளையர்களின் அனுபவங்களையும், வழிபாட்டில் பெயோட்டி உண்ட பூர்வகுடிகளின் அனுபவங்களையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் கூட்டம் உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் இடையே தாறுமாறாக ஊசலாடியது. இரண்டாவது கூட்டத்தில் பக்தியும், நோயிலிருந்து விடுதலை பெற்ற உணர்வும் இருந்தன. பாட்டு, நெருப்பு, வழிநடத்தும் பெரியவர், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்ந்தே அந்த இரவுக்குக் கரை கட்டுகின்றன.

எல்.எஸ்.டி.க்கு அப்படி ஒரு கரை அமையவில்லை. ஆல்பர்ட் ஹாஃப்மன் அதை 1938-இல் பாசலில் உருவாக்கினார், 1943-இல்தான் அதன் தாக்கத்தை உணர்ந்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று, மிகக் குறைவு என்று நினைத்து 250 மைக்ரோகிராம் எடுத்தார். சைக்கிளில் வீடு திரும்புவதற்குள் நிலைகுலைந்து, பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நடுங்கினார். அவருக்கு முன்னால் அந்தப் பாதையில் போனவர் எவரும் இல்லை. 1966-இல் டிமதி லியரி எல்.எஸ்.டி.யைப் புனிதப் பொருளாக வைத்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். சட்டம் அதை மதமாக ஏற்கவில்லை.

பெயோட்டிக்கு அந்த ஏற்பு கிடைத்தது, சுலபமாக அல்ல. ஓக்லஹோமாவில் 1918-இல் நேட்டிவ் அமெரிக்கன் சர்ச் பதிவானது. 1990-இல் உச்ச நீதிமன்றம் பெயோட்டி உண்டு வேலையிழந்த இருவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1994-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் திருத்தி, அங்கீகரிக்கப்பட்ட பூர்வகுடியினரின் சடங்குக்கு அனுமதி தந்தது. இப்போது அவர்களுக்கு வேறொரு கவலை. தெற்கு டெக்சாசிலும் மெக்சிகோவிலும் மட்டுமே இயற்கையாக வளரும் இந்தக் கள்ளி, முதிர்வதற்குப் பத்தாண்டுகள்கூட எடுத்துக்கொள்ளும். புதிதாக ஆசைப்படும் வெளியாட்கள் இதைத் தொடாமல் இருந்தால் நல்லது என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இரண்டையுமே தடைசெய்கிறது. எல்.எஸ்.டி. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே வணிக அளவு. குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை.