பால் பாக்கெட் எட்டு மணிக்கும் வாசலில் கிடந்தால்

தனியாகக் குடியிருக்கும் வயதானவர் தன் உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணை வீட்டுக்காரரிடம் கொடுத்துவைப்பதும், அவ்வப்போது வந்து விசாரித்துவிட்டுப் போகச் சம்மதிப்பதும் சென்னை போன்ற ஊர்களில் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நடந்து முடிகின்றன. அட்வான்ஸ் கொடுக்கும் நாளில், “பையன் நம்பர் இது, ஏதாவதுன்னா கூப்பிடுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ‘ஏதாவது’ எது, எவ்வளவு நேரம் சத்தம் இல்லாவிட்டால் கூப்பிட வேண்டும், பையன் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதையெல்லாம் யாரும் பேசிக்கொள்வதில்லை. எண் கையில் இருந்தும் அரை நாள் வீணாகப் போவது இதனால்தான்.

அரை நாள் என்பது இந்த விஷயத்தில் பெரிய காலம். வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் எலும்பு முறிவை மட்டுமே எல்லோரும் நினைக்கிறார்கள். எலும்பு முறியாவிட்டாலும், எழுந்திருக்க முடியாமல் விழுந்த இடத்திலேயே கிடப்பது தனி ஆபத்து. ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலே மருத்துவர்கள் இதைக் கவலையோடு பார்க்கிறார்கள். உடலின் எடை ஒரே பக்கம் அழுத்திக்கொண்டிருந்தால் தசை நார்கள் சிதையத் தொடங்கும். அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தண்ணீர் குடிக்க முடியாததால் உடல் வறண்டு, நிலைமை இன்னும் மோசமாகும். பக்கவாதத்தில் கணக்கு வேறு விதமானது. மூளை ரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் மயங்கிக் கிடந்தவரைக் கண்டுபிடித்த நொடியிலிருந்து எண்ணப்படுவதில்லை. அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக ஒருவர் பார்த்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. தனியாக இருப்பவர் விஷயத்தில், “கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?” என்று மருத்துவர் கேட்டால் பதில் சொல்ல ஆளே இருப்பதில்லை. தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் யாராவது அவரைக் கவனிக்கிறார்கள் என்றால் அந்தக் கேள்விக்கு விடை இருக்கும்.

ஏற்பாடு நடைமுறையில் எப்படி அமையும் என்பதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. மாடியில் 74 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை தனியாகக் குடியிருக்கிறார். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் குடும்பம். ஆசிரியையின் மகன் அமெரிக்காவில் டல்லஸ் நகரில் இருக்கிறார். தங்கை மகள் பல்லாவரத்தில் இருக்கிறார். அவசர எண் என்று கேட்டால் எந்தத் தாயும் முதலில் மகனுடைய எண்ணைத்தான் கொடுப்பார். ஆனால் சென்னையில் காலை எட்டு மணி என்றால், கோடைக் காலத்தில் டல்லஸில் முந்தைய நாள் இரவு ஒன்பதரை. மகன் எடுத்தாலும் அங்கிருந்து கதவைத் திறக்க முடியாது; அவரும் பல்லாவரத்தைத்தான் கூப்பிடப் போகிறார். ஆகவே எழுதித் தரும் தாளில் முதல் எண் தங்கை மகளுடையது, இரண்டாவது மகனுடையது. ஒரு மணி நேரத்துக்குள் வாசலில் வந்து நிற்கக்கூடியவர் முதலாவது; மருத்துவம் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அடுத்தது. ரத்த உறவின் நெருக்கத்தைவிடத் தூரத்தின் நெருக்கமே இங்கே முக்கியம். இதைத் தாயிடம் மகனே எடுத்துச் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் இல்லாமல் போகும்.

எண்ணை ஒரு பக்கம் மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை இப்போது பலரும் எடுப்பதில்லை. அந்த இரண்டு பேருடைய கைபேசியிலும் வீட்டுக்காரரின் எண், ‘அம்மா வீட்டு ஓனர்’ என்பது போல அடையாளம் தெரியும்படி பதிவாகியிருக்க வேண்டும். எண் கொடுத்த அன்றே எதிரில் வைத்து ஒரு முறை அழைத்துப் பேசிவிடுவது நல்லது. ஓர் இலக்கம் மாறி எழுதியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து சாவி. பலர் மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான இடத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். இரவில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்கும் பழக்கம் இருந்தால் அந்தச் சாவிக்குப் பயனே இல்லை. வெளியிலிருந்து பூட்டைத் திறக்கலாம், கதவு திறக்காது. வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்தி, தாழ்ப்பாளை இரவில் விட்டுவிடும் பழக்கத்துக்கு வர வேண்டும். தனியாக இருப்பவருக்குத் தாழ்ப்பாள் தரும் தைரியத்தை லேசாக ஒதுக்க முடியாது. அதனால் கம்பிக் கதவும் நல்ல பூட்டும் முதலில் வர வேண்டும். தாழ்ப்பாளை விடுவது அதற்குப் பிறகுதான். குளியலறைக் கதவையும் தாழிடாமல் சாத்திக்கொள்வதே போதும். மாற்றுச் சாவியை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் ஆசிரியை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். உறை பிரிக்கப்பட்டிருந்தால் பார்த்தவுடன் தெரியும். வீட்டுக்காரருக்கும் வீண் பழி வராது.

இனி, விசாரிப்பு. இதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஒரு பக்கம் தொந்தரவாகவும் மறுபக்கம் அலட்சியமாகவும் ஆகிறது. ஒன்று, ஆள் எழுந்து நடமாடுகிறார் என்பதற்கான தினசரி அடையாளம். இதற்குக் கதவைத் தட்டவே வேண்டாம். காலை ஆறரைக்கு மாடி வாசலில் பால் பாக்கெட் விழுகிறது. ஆசிரியை ஏழு மணிக்குள் எடுத்துவிடுவார். எட்டு மணிக்கும் அது அங்கேயே கிடந்தால் வழக்கம் மாறியிருக்கிறது என்று பொருள். நாளிதழ், வாசல் கோலம், பூஜை மணி, மாடிக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும். அவற்றில் ஒன்றை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவதும் பலர் செய்வதுதான். ஆனால் கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோனால் அந்த அடையாளம் பொய்யாகிவிடும்.

பாக்கெட் எடுக்கப்படாத அன்று என்ன செய்வது என்பது தாளில் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. எட்டு மணிக்குக் கைபேசியில் ஓர் அழைப்பு. எடுக்காவிட்டால் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். அவர் குளித்துக்கொண்டிருக்கலாம், காதுக் கருவியைக் கழற்றி வைத்திருக்கலாம். பிறகு மாடிக்குப் போய் மணி அடித்து, “டீச்சர்” என்று உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் தங்கை மகளுக்கு அழைப்பு. ஆசிரியை அங்கேயே போயிருந்தால் விஷயம் அதோடு தீர்ந்துவிடும். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு உறையைப் பிரித்துக் கதவைத் திறக்க வேண்டும். உள்ளிருந்து முனகலோ, எரிவாயு வாசனையோ, தண்ணீர் நிற்காமல் ஓடும் சத்தமோ வந்தால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. எரிவாயு வாசனை வந்தால் மின்விசைகளைத் தொடாமல் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். விழுந்து கிடப்பவரை இழுத்துத் தூக்கி உட்கார வைக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கதவு திறக்கவே இல்லையென்றால் 112 எண்ணில் காவல்துறையைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னிலையில் உடைப்பதே முறை.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் வீண் பதற்றம்தான். ஆசிரியை சொல்லாமல் கும்பகோணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டு, பாலை நிறுத்த மறந்திருந்தால், கீழ்வீட்டார் பல்லாவரம் முழுக்க எழுப்பிவிடுவார்கள். இரண்டு முறை அப்படி ஆனால், மூன்றாவது முறை உண்மையிலேயே விழுந்து கிடக்கும்போது, “வெளியூர் போயிருப்பாங்க” என்று விட்டுவிடுவார்கள். வெளியில் தங்கும் இரவுகளை முன்கூட்டிச் சொல்லிவிடும் பொறுப்பு குடியிருப்பவருடையது. அவர் இதை ஒருவரிடம் அனுமதி கேட்பதாக நினைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வேலை, மாதம் ஒரு முறையோ இரண்டு முறையோ நேரில் பார்த்துப் பேசுவது. விழுவது ஒரு நொடியில் நடக்கும். உடம்பும் நினைவும் தளர்வது மெல்ல நடக்கும். தினசரி அடையாளத்தில் அது தெரியாது. சேலை தொளதொளவென்று ஆகும் அளவு மெலிந்திருப்பது, மின் கட்டணம் கட்ட மறப்பது, சொன்னதையே திரும்பச் சொல்வது, கரிந்த பாத்திரம், தீர வேண்டிய மாத்திரை அப்படியே இருப்பது எல்லாம் முகம் பார்த்துப் பேசும் பத்து நிமிடத்தில்தான் கண்ணில் படும். வாடகை வாங்கும் நாளை இதற்கு வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. அன்று பேச்சில் பணம் முந்திக்கொள்ளும்.

ஜப்பானில் இதே இரட்டை முறை சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அந்நாட்டுக் காவல்துறையின் கணக்கின்படி 2024இல் வீட்டில் தனியாக இருந்து இறந்தவர்கள் 76,020 பேர். அவர்களில் 58,044 பேர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். இந்த அச்சத்தாலேயே முதியவர்களுக்கு வீடு தர அங்கே உரிமையாளர்கள் பலர் தயங்குகிறார்கள். 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட வீட்டு வசதிச் சட்டத்தின்படி ‘ஆதரவுடன் கூடிய வாடகை வீடு’ என்று அங்கீகாரம் பெற, உணர்கருவி போன்றவற்றால் தினம் ஒரு முறையாவது நலம் அறிய வேண்டும்; மாதம் ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மேற்கு மாம்பலத்தில் பால் பாக்கெட் செய்வதும் உணர்கருவியின் வேலைதான்.

தமிழ்நாட்டில் வீட்டுக்காரரின் உரிமைக்கு எல்லை உண்டு. 2019 முதல் நடைமுறையில் உள்ள வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின்படி, அவர் வாடகை வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆகவே, பால் எடுக்காத அன்று மேற்சொன்ன வரிசைப்படி கதவைத் திறக்கலாம் என்ற அனுமதியைக் குடியிருப்பவரே முன்னதாக எழுதிக் கொடுத்து, ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. அதே தாளில் இன்னும் இரண்டு வரிகள் வேண்டும். உறவினரின் எண்ணை உடல்நல அவசரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். வாடகை பாக்கிக்கும், யார் வந்து போனார்கள் என்று சொல்வதற்கும் பயன்படுத்தக் கூடாது. இந்தச் சம்மதத்தை ஆசிரியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அதற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் பாதுகாவலர் அல்ல. மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுவதும், செலவை ஏற்பதும் அவர் பொறுப்பில் வராது.

உறவினரே இல்லாதவர்கள் பழைய சக ஊழியர் அல்லது நண்பர் ஒருவரின் எண்ணைத் தரலாம். முதியோருக்கான 14567 உதவி எண்ணும் இருக்கிறது. அங்கே ஆலோசனையும் வழிகாட்டலும் கிடைக்கும்.

ஓராண்டு கழிந்தால் எண்கள் மாறியிருக்கும், பல்லாவரத்திலிருந்தவர் பெங்களூருக்குப் போயிருப்பார். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாளில் தாளில் உள்ள இரண்டு எண்களையும் இருவரும் உட்கார்ந்து ஒரு முறை அழைத்துப் பாருங்கள்.