கொலனோஸ்கோப்பிக்கு முந்தின நாள்: நீராகாரம் குடிக்கலாமா?

பெருங்குடலை கேமரா குழாய் விட்டுப் பார்ப்பதுதான் கொலனோஸ்கோப்பி. அதற்கு முன் குடல் காலியாக இருக்க வேண்டும். எப்படிக் காலி செய்வது என்று மருத்துவமனையில் தரும் சீட்டு பல இடங்களில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதில் 'கிளியர் லிக்விட்ஸ்' என்று இருப்பதை வீட்டில் யாராவது 'நீர் ஆகாரம்' என்று படித்துச் சொன்னால், பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் நமக்கு ஞாபகம் வருவது பழைய சோற்றுத் தண்ணிதான். அதைக் குடிக்கக் கூடாது. மோர், கூழ், கஞ்சி, பால் டீ எல்லாமே தண்ணியாக இருந்தாலும் கலங்கலானவை.

சரியான தமிழ் 'தெளிந்த பானம்'. கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும். தண்ணீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், பால் இல்லாத வரக்காப்பி சரி. சிவப்பு, ஊதா நிற ஜூஸ் வேண்டாம்; உள்ளே ரத்தம் மாதிரி தெரியும்.

அடுத்த சிக்கல் நேரம். சீட்டில் 'பரிசோதனைக்கு 6 மணி நேரம் முன்பு' என்றிருந்தால் அதைக் கிழமையோடு கடிகார மணியாக எழுதிக்கொள்ளுங்கள். 'புதன் 12 AM' என்றால் புதன் மதியம் இல்லை, செவ்வாய் ராத்திரி.

பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் போகிறீர்கள், புதன் காலை 11 மணிக்குப் பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். பேதி பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து இரண்டு பாதியாகக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய் மாலை 6 மணிக்கு 200 மில்லி டம்ளரில் ஆரம்பித்து, கால் மணிக்கு ஒன்றாக ஐந்து டம்ளர். 7 மணிக்கு முதல் பாதி முடியும். மறுபாதி புதன் விடியற்காலை 5 மணியிலிருந்து 6 மணி வரை. ராத்திரியே மொத்தத்தையும் குடித்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் காலைக்குள் சிறுகுடலிலிருந்து பசை மாதிரி நீர் இறங்கி, வலது பக்கக் குடலை மூடிவிடும். 9 மணிக்கு மேல் தண்ணீர்கூட வேண்டாம். சில மருத்துவமனைகள் இன்னும் முன்னாடியே நிறுத்தச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதே கணக்கு. பேதி அடங்கிய பிறகு பஸ் ஏறுங்கள். மொபைலில் நான்கு அலாரம் வைத்தால் போதும்: மாலை 6, விடியற்காலை 5, காலை 8.30, காலை 9.

கடைசியாகப் போவது சிறுநீர் போல மஞ்சளாக, துகள் இல்லாமல் இருந்தால் குடல் சுத்தம். பழுப்பாகக் கலங்கி வந்தால் கிளம்பும் முன் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மறைத்துவிட்டுப் போனால் சின்னக் கட்டிகள் கண்ணில் படாமல் போகும், இல்லையென்றால் எல்லாத்தையும் இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்களும் இந்த உதாரணத்தை அப்படியே பின்பற்ற வேண்டாம். தேதி வாங்கும்போதே எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டு, தமிழில் எழுதி வாங்குங்கள். குடிக்கும்போது விடாமல் வாந்தி, கடும் வயிற்று வலி, மயக்கம் வந்தால் பவுடரை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.