வெடித்த வயல் காய்ந்த வயல் அல்ல: நகரத்துக்கு ஒரு நான்கு நிமிட விளக்கம்

தஞ்சை மாவட்டத்தில் ஆழ்குழாய்ப் பாசனத்தில் குறுவை நெல் போட்ட விவசாயி ஒருவர், தன் வயலின் படத்தைச் சென்னையில் இருக்கும் மருமகனுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது. "என்ன மாமா, தண்ணியே இல்லாம வயல் வெடிச்சுக் கிடக்கு?" பயிருக்கு ஒரு குறையும் இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் வயலில் வரவேண்டிய வெடிப்புதான் அது. மருமகனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாததால், செல்போனிலேயே நான்கு நிமிட வீடியோ ஒன்றை எடுத்தார். அதை என்னிடமும் காட்டினார்.

வீடியோவில் முதலில் வருவது ஒரு பிளாஸ்டிக் குழாய். 40 செ.மீ. நீளம், உள்ளே கை நுழையும் அகலம். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். வரப்போரம், மேடும் பள்ளமும் இல்லாத இடத்தில், துளையுள்ள 20 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி அதைப் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணைக் கையால் அள்ளி எடுக்கிறார். தண்ணீர் பாய்ந்ததும் குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாக இருப்பதைக் காட்டுகிறார். ஒன்றாக இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது என்று பொருள்.

பிறகு அதே இடம், அதே கோணம், அடுத்தடுத்த நாட்கள். முதல் நாள் 5 செ.மீ. தண்ணீர் நிற்கிறது. மூன்றாம் நாள் மண் தெரிகிறது. ஐந்தாம் நாள் மயிரிழை போல வெடிப்பு. ஆறாம் நாள் குழாய்க்குள் குச்சியை விடுகிறார். குழாயின் விளிம்பிலிருந்து தண்ணீர் 35 செ.மீ. கீழே இருக்கிறது. மண்ணுக்கு மேலே நிற்கும் 20 செ.மீ. குழாயைக் கழித்தால், தண்ணீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. "அரை அடியில தண்ணி இருக்கு. வேர் அதைக் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. இப்பதான் மோட்டார் போடணும்" என்கிறார். மறுபடியும் 5 செ.மீ. வரை தண்ணீர் கட்டுவதோடு வீடியோ முடிகிறது. இடையில் தண்ணீர் நிற்காத நாட்களில்தான் மோட்டார் ஓட்டம் மிச்சமாகிறது. வேருக்கும் காற்று கிடைக்கிறது.

முதலில் எடுத்த வீடியோவில் ஒரு கோளாறு இருந்தது. வெடிப்பைக் கிட்டத்தில் எடுத்திருந்தார். திரையில் அது பாளம் பாளமாக வெடித்த ஏரி போலத் தெரிந்தது. வெடிப்பின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அப்படியே கேமராவை உயர்த்திப் பச்சை இலைகளையும் காட்டச் சொன்னேன். அந்தக் காட்சியைக் காலையில் எடுப்பது நல்லது. காலையிலேயே இலை சுருண்டிருந்தால் அது உண்மையான தாகம். அந்த வயலுக்கு அப்போதே தண்ணீர் வேண்டும். நாணயம் உள்ளே விழும் அளவுக்கு வெடித்துவிட்டாலும் காலம் தாழ்ந்துவிட்டது. பாய்ச்சும் தண்ணீர் வெடிப்பு வழியே கீழே இறங்கிவிடும்; மிச்சம் செய்ததை அங்கேயே இழப்போம்.

இன்னொன்று அவர் சொல்லாமல் விட்டது. இந்த முறையை நட்ட நாளிலிருந்தே தொடங்கக் கூடாது. நாற்று பிடித்து, களையும் கட்டுக்குள் வந்தபிறகு, நட்ட 10 முதல் 15 நாட்களில் தொடங்கலாம். தண்ணீர் நிற்காத வயலில் களை முந்திக்கொள்ளும். பூக்கும் பருவத்தில், பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை, 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். அப்போது காயவிட்டால் மணி பிடிக்காமல் பதராகும். இதைச் சொல்லாமல் விட்டால், பூக்கும் வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, "அன்னைக்கு வேண்டாம்னீங்க, இன்னைக்கு ஏன் கட்டுறீங்க?" என்று மருமகன் மறுபடியும் கேட்பார். அதனால் பூக்கும்போது, அதே குழாயை அதே கோணத்தில் வைத்து, ஒரு நிமிடம் சேர்த்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பார்க்கும் விவசாயிகளுக்காக ஒரு எச்சரிக்கையும் அதில் வேண்டும். நினைத்தபோது தண்ணீர் கிடைக்கிற வயலுக்குத்தான் இது பொருந்தும். முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்கால் பாசனத்தில், அடுத்த முறை எப்போது என்று தெரியாமல் காயவிடுவது ஆபத்து. உவர் மண்ணிலும் காயவிட்டால் உப்பு மேலே ஏறும்.

வீடியோ முழுவதிலும் ஒரு தொழில்நுட்பச் சொல்கூட இல்லை. குழாய், குச்சி, அரை அடி. மருமகன் இப்போது போனில் கேட்கும் கேள்வியும் மாறியிருக்கிறது: "குழாயில தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கு மாமா?"