பத்தாண்டுக்கு அப்பால் இருக்கும் பணம்

தில்லி நேரு பிளேஸில் உள்ள மேகதூத் கட்டடத்தின் முகவரியைப் பதிவு அலுவலகமாகக் காட்டிய ஒரு நிறுவனம், 2021 ஜூலையில் பங்குச் சந்தைக்கு வந்தது. பெயர் ஸொமாட்டோ. முந்தைய நிதியாண்டில் அதன் நஷ்டம் சுமார் 816 கோடி ரூபாய். லாபம் என்பதையே ஒழுங்காகக் கண்டிராத அந்த நிறுவனத்தின் ஒரு ரூபாய் முகமதிப்புள்ள பங்குக்கு விலை 76 ரூபாய். வாங்க ஆளில்லாமல் போகவில்லை. விற்பனைக்கு வைத்ததைப் போல 38 மடங்கு பங்குகளுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன.

அதே மாதத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளியில் இருந்து ஒரு கணக்கு வெளிவந்தது. போட்டவர் அஸ்வத் தாமோதரன். சென்னை லயோலா கல்லூரியிலும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். நிறுவனங்களுக்கு மதிப்புப் போடும் கலையைக் கற்பிப்பதில் உலகப் புகழ் பெற்றவர். அவருடைய கணக்குப்படி ஒரு பங்கின் மதிப்பு 40.79 ரூபாய். கேட்ட விலையில் ஏறக்குறைய பாதி.

76 அதிகமா, 41 குறைவா என்ற விவாதம் சூடு பிடித்தது. ஆனால் அதைவிட முக்கியமான ஒரு சங்கதி பலர் கண்ணில் படவில்லை. நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கு அந்த 41 ரூபாய்தான் எங்கிருந்து வந்தது? கையில் இருந்த ரொக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தொழிலுக்கான மதிப்பின் பெரும் பகுதி வந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: பத்து ஆண்டுகளுக்குப் பிந்தைய காலம். நிதித் துறையில் இதற்கு 'டெர்மினல் வேல்யூ' என்று பெயர். தமிழில் இறுதி மதிப்பு எனலாம். இறுதி என்று சொன்னாலும் அது முடிவின் மதிப்பு அல்ல. கணக்குப் போடுபவர் ஆண்டுவாரியாக எழுதுவதை நிறுத்திக்கொண்ட பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் தொழிலின் மதிப்பு.

வாடகை வீட்டுக் கணக்கு

தில்லி கரோல் பாகில் வாடகைக்கு விடுவதற்காக ஒருவர் வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகள் வாடகை வாங்கிவிட்டு விற்பது திட்டம். கொடுத்த விலை அந்த ஐந்து வருட வாடகையில் திரும்பி வந்துவிடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெரும் பகுதி, விற்கும்போது கிடைக்கும் தொகையில்தான் இருக்கிறது. அந்த விற்பனை விலை என்பது என்ன? வாங்குகிறவர் அதற்குப் பிறகு பெறப்போகும் எல்லா வாடகைகளின் இன்னொரு வடிவம்தான்.

நிறுவனத்துக்கும் இதே கதை. வரி கட்டி, தொழில் வளரத் தேவையான முதலீட்டையும் செய்த பிறகு மிஞ்சுவது உபரி ரொக்கம். வருங்காலத்தில் வரும் ஒவ்வொரு ரூபாயும் இன்றைய ரூபாயைவிடக் குறைந்த மதிப்பு உடையது என்பதால், அதைக் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறார்கள். முதல் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குத் தனித்தனியாக எழுதுவார்கள். அதற்குப் பிறகு ஒரே கோடாக இழுத்து, இனி என்றென்றும் நிதானமான ஒரே வேகத்தில் வளரும் என்று வைத்து, ஒரே தொகையாக்கி விடுவார்கள்.

நிதானமான நிறுவனத்திலேயே இந்தத் தொகை எவ்வளவு பெரியது என்பதைப் பார்க்கலாம். உபரி ரொக்கம் ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்கிறது. கழிவு விகிதம் 10 சதவீதம். ஓராண்டு பணத்தின் இன்றைய மதிப்பு அதற்கு முந்தைய ஆண்டின் மதிப்பில் 1.04 / 1.10, அதாவது சுமார் 94.5 சதவீதம். ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம்தான் கரைகிறது. ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் மொத்த மதிப்பில் 76 சதவீதம் அப்படியே மிச்சம் இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழிந்தபின்னும் 57 சதவீதம். தந்திரம் எதுவும் இல்லை. ஐந்து ஆண்டு என்பது ஒரு தொழிலின் ஆயுளில் சின்னத் துண்டு, அவ்வளவுதான்.

வேகமாக வளரும் நிறுவனத்தில் இந்தப் பங்கு இன்னும் கூடும். காரணம், வளரும் காலத்தில் வருகிற லாபத்தைவிடப் போடுகிற முதலீடு அதிகம். முன் ஆண்டுகளின் உபரி மைனஸில் போகும். முன்பகுதி மைனஸ் என்றால், பின்பகுதி மொத்த மதிப்பில் 100 சதவீதத்தையும் தாண்டும்.

உணவுப் பொட்டலத்தில் இருந்து

ஸொமாட்டோவுக்கு தாமோதரன் எழுதிய கதை எளிமையானது. பத்து ஆண்டுகளில் இந்தியாவின் உணவு டெலிவரி சந்தை 2,500 கோடி டாலராகும். அதில் 40 சதவீதம் ஸொமாட்டோ கைக்கு வரும். ஆர்டர் தொகையில் 22 சதவீதம் நிறுவனத்தின் வருமானம். அந்த வருமானத்தில் 35 சதவீதம் செயல்பாட்டு லாபம்.

இதை டாலருக்கு 75 ரூபாய் என்று வைத்துப் பின்தொடரலாம். சந்தை 1,87,500 கோடி. ஸொமாட்டோ மூலம் போகும் ஆர்டர்கள் 75,000 கோடி. அதன் வருமானம் 16,500 கோடி. லாபம் 5,775 கோடி. 25 சதவீத வரி போனால் சுமார் 4,330 கோடி. 2020-21ல் 1,994 கோடி வருமானத்துக்கு 816 கோடி நஷ்டம் காட்டிய நிறுவனம் பத்தாவது ஆண்டில் இருக்கப்போகும் நிலை இது.

இனி வரும் எண்கள் அவருடைய தாளின் நகல் அல்ல. வழியைக் காட்ட உருட்டி எடுத்தவை. பத்தாண்டுக்குப் பிறகு ஆண்டு வளர்ச்சி 4 சதவீதம். புதிதாகப் போடும் முதலீட்டில் வருவாய் 12 சதவீதம். 12 சதவீதம் ஈட்டும் முதலீட்டைக் கொண்டு 4 சதவீதம் வளர வேண்டுமானால், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொழிலிலேயே திரும்பப் போட வேண்டும். பதினோராவது ஆண்டின் லாபம் சுமார் 4,500 கோடி. முதலீடு போக உபரி 3,000 கோடி.

அந்தக் கட்டத்தில் முதிர்ந்துவிட்ட நிறுவனத்தின் கழிவு விகிதம் 9 சதவீதம் என்றால், அதில் வளர்ச்சி 4 சதவீதத்தைக் கழிக்க மிஞ்சுவது 5 சதவீதம். 3,000 கோடியை 5 சதவீதத்தால் வகுத்தால் 60,000 கோடி. பத்தாம் ஆண்டு முடிவில் நிறுவனத்தின் இறுதி மதிப்பு இதுதான். இன்றைக்குக் கொண்டுவர, பத்து ஆண்டுகளுக்கு 10 சதவீதம் வீதம் கழிக்க வேண்டும். 2.59ஆல் வகுக்க, 23,000 கோடி சொச்சம். இந்தக் கடைசிப் படியை மறந்து 60,000 கோடியை அப்படியே கூட்டிவிடுவது, புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் அடிக்கடி செய்கிற தப்பு.

இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் முன்னால் மைனஸ், பின்னால் ப்ளஸ். இரண்டும் பெருமளவு ஒன்றையொன்று தின்றுவிடும். பங்கு வெளியீட்டில் வந்த 9,000 கோடி புதுப் பணமும், ஏற்கெனவே வங்கியில் இருந்ததும் தனியாகக் கூட்டப்படும். மற்றபடி தொழிலின் மதிப்பு என்றால் அந்த 23,000 கோடிதான்.

இலவச வளர்ச்சி

இவ்வளவு பெரிய தொகை ஒரே வகுத்தலில் வருவதால், திருட்டுத்தனத்துக்கும் இடம் அங்கேதான். வளர்ச்சியை 4ல் இருந்து 5 ஆக்கினால் வகுக்கும் எண் 5ல் இருந்து 4 ஆகிறது. உபரியும் சற்று கூட, இறுதி மதிப்பு 60,000 கோடியில் இருந்து 75,800 கோடிக்குத் தாவுகிறது. ஒரு கட்டத்தில் ஒரு எண்ணைத் தட்டினால் 26 சதவீத உயர்வு. பங்கை விற்க நினைப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வளர்ச்சி ஏறியது, முதலீடு ஏறவில்லை. 12 சதவீத வருவாயில் 5 சதவீதம் வளர, லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போதாது. பன்னிரண்டில் ஐந்து பங்கைத் திரும்பப் போட வேண்டும். அப்படிச் செய்தால் உபரி 2,650 கோடியாக இறங்குகிறது. இறுதி மதிப்பு 66,300 கோடிதான். உயர்வு 26 அல்ல, 10 சதவீதம். முதலீட்டின் வருவாய் 12 இல்லாமல் கழிவு விகிதத்துக்குச் சமமாக 9 சதவீதமே என்றால், 4 சதவீதம் வளர்ந்தாலும் 5 சதவீதம் வளர்ந்தாலும் மதிப்பு அதே 50,000 கோடியில் நிற்கும். பணம் போட்டு அதே அளவு மதிப்பைத் திரும்ப எடுக்கும் வளர்ச்சியால் யாருக்கும் லாபம் இல்லை. எனவே ஒரு மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: கடைசி ஆண்டில் வளர்ச்சிக்கு ஏற்ற முதலீடு கழிக்கப்பட்டிருக்கிறதா?

இரண்டாவது சோதனை, அந்த நிரந்தர வளர்ச்சி நாட்டுப் பொருளாதாரத்தின் வேகத்தைத் தாண்டுகிறதா என்பது. என்றென்றும் தாண்டினால் ஒரு நாள் நாடே அந்த நிறுவனத்துக்குள் அடங்கிவிடும். மூன்றாவது, இறுதி மதிப்பைக் கடைசி ஆண்டு லாபத்தால் வகுத்துப் பார்ப்பது. மேலே உள்ள கணக்கில் 60,000 கோடியை 4,330ஆல் வகுத்தால் 14 மடங்கு; முதிர்ந்த நிறுவனத்துக்கு நம்பத்தக்க எண். அதுவே 40, 50 என்று வந்தால், முதிர்ந்ததாகச் சொல்லப்படும் நிறுவனத்துக்குள் இன்னும் ஒரு வளர்ச்சிக் கதை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

'என்றென்றும்' என்பது எல்லோருக்கும் பொருந்தாது. தில்லி விமான நிலையத்தை நடத்தும் உரிமை 2006ல் தனியார் கூட்டமைப்புக்கு 30 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. மேலும் 30 ஆண்டுகள் நீட்டிக்க வழி உண்டு. அதன் பின் சொத்து அரசுத் தரப்புக்குத் திரும்ப வேண்டும். இப்படிப்பட்ட தொழிலுக்கு முடிவில்லாக் கோட்டை இழுப்பது தவறு. கடைசி ஆண்டு வரை எழுதி நிறுத்த வேண்டியதுதான்.

கதை மாறியபோது

ஸொமாட்டோ 2021 ஜூலை 23ல் பட்டியலிடப்பட்டது. முதல் நாளே 115 ரூபாயைத் தாண்டியது. சரியாக ஓராண்டு கழித்து, 2022 ஜூலை இறுதியில், 41 ரூபாய் அருகே விழுந்தது. பேராசிரியர் ஜெயித்துவிட்டார் என்று கொண்டாடினார்கள். 2024 டிசம்பரில் அதே பங்கு 300 ரூபாயைத் தொட்டது. பேராசிரியர் தோற்றுவிட்டார் என்றார்கள்.

இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். 2021ன் கணக்கு உணவு டெலிவரியை வைத்து எழுதப்பட்டது. நிமிடங்களில் மளிகை கொண்டுவரும் பிளிங்கிட் அதில் இல்லை. அதை வாங்கும் முடிவே 2022ல்தான் வந்தது. 2025ல் நிறுவனம் தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. புதுப் பெயர் எட்டர்னல். நிரந்தரம் என்று பொருள். பெரும் பகுதி மதிப்பு பத்தாண்டுக்கு அப்பால் இருக்கும்போது, அந்தப் பத்தாண்டில் தொழிலே வேறு உருவம் எடுத்தால் மதிப்பும் வேறாகத்தான் இருக்கும்.

76 ரூபாய் கொடுத்தவர் வாங்கியது 2021ன் ஸொமாட்டோவை அல்ல. 2031க்குப் பிறகு இருக்கப்போகும் ஒரு நிறுவனத்தை. 41 என்று சொன்னவர் மதிப்புப் போட்டதும் அதே நிறுவனத்துக்குத்தான். வித்தியாசம், அங்கே என்ன இருக்கும் என்பதை ஒருவர் வரிவரியாக எழுதி வைத்திருந்தார் என்பதே. எழுதியது தப்பானால் எந்த வரியில் தப்பு என்று விரல் வைத்துக் காட்ட முடியும். எழுதாமல் வாங்கியவருக்கு அந்த வசதி இல்லை.